ஒரே காலு, ஒரு சார்ட்ல 7 வருது இன்னொரு சார்ட்ல 5 வருது, எதை நம்பி ஷூ ஆர்டர் போடறது?

கைகாட்டி_கார்னர்
எல்லாருக்கும் வணக்கம்ங்க. கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில வேலை, லைன்வீட்ல இருந்து ஃபேக்டரிக்கு தினமும் ஒன்றரை கிலோமீட்டர் இறக்கம், சாயங்காலம் அதே ஏத்தம். இதுவரைக்கும் ரப்பர் செருப்புலயே ஓட்டியாச்சு, இப்ப ஐப்பசி மழைக்கு முன்னாடி நல்ல கிரிப் உள்ள ஷூ ஒண்ணு ஆன்லைன்ல வாங்கலாம்னு. எனக்கு ஷூ நம்பரே தெரியாது, சின்ன வயசுல ஸ்கூல் ஷூ போட்டதோட சரி. உட்காந்து ஸ்கேல் வெச்சு அளந்தேன், 25.3 செமீ வந்துச்சு.

முதல் சைட்ல சார்ட் இப்படி இருக்கு: 6க்கு 24.7, 7க்கு 25.5, 8க்கு 26.4. அப்ப நான் 7. அடுத்த சைட்ல அதே மாதிரி ஷூவுக்கு 5க்கு 25.4, 6க்கு 26.2, 7க்கு 27.1, 8க்கு 27.9 னு போட்டிருக்கான். அப்ப நான் 5. ரெண்டுலயும் மேல யூகே / இந்தியா சைஸ்னு தான் எழுதியிருக்கு. என் பின்கோடுக்கு கொண்டுவந்து குடுப்பாங்களாம், ஆனா திருப்பி எடுத்துக்க வர மாட்டாங்களாம், அதனால ஒரே அடியில சரியா வரணும். எந்த சார்ட் தப்பு?

ரெண்டாம்கியர்
ரொம்ப சிம்பிள் ப்ரோ, சார்ட்டே தேவையில்ல. சென்டிமீட்டரை ஒன்றரையால பெருக்கு, அது தான் ஐரோப்பா சைஸ். 25.3 × 1.5 = 37.95, அப்ப 38. பாக்ஸ்ல EU 38 னு இருக்கறதை எடு, முடிஞ்சது. யூகே கீகே எல்லாம் ஏமாத்து வேலை.

டீத்தூள்_ரெண்டாம்தரம்
38 ஆ? 38 என் தங்கச்சி போடறா 😀

கைகாட்டி_கார்னர்
அண்ணா முதல் சைட்ல 7க்கு நேரா EU 41 னு போட்டிருக்கே, நீங்க 38 ங்கறீங்க?

பழைய_ஆம்பூர்
தம்பி, ரெண்டு சார்ட்டும் தப்பில்ல. ரெண்டும் வேற வேற பொருளை அளந்து எழுதினது, அதை மேல எழுதாம விட்டது தான் அவங்க செஞ்ச வேலை. நான் ஆம்பூர்ல ஷூ கம்பெனியில பதினோரு வருஷம் இருந்தேன், இப்ப குன்னூர்ல இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன் பொறுத்துக்க.

ஷூவை காலு மேல வெச்சு தைக்கறது இல்ல. கால் மாதிரியே ஒரு அச்சு இருக்கும், அந்த காலத்துல மரக்கட்டை, இப்ப பிளாஸ்டிக், அதை லாஸ்ட்டுன்னு சொல்லுவோம். அது மேல தோலை இழுத்து மாட்டி தான் ஷூ உருவாகும். யூகே நம்பர் அந்த லாஸ்ட்டோட நீளத்துக்கு வெச்ச நம்பர், காலுக்கு வெச்சது இல்ல. கால் அதுக்குள்ள போயி, விரலுக்கு முன்னாடி கொஞ்சம் இடமும் இருக்கணும் இல்லியா, அதனால லாஸ்ட் எப்பவும் காலை விட ஒன்றரை, ரெண்டு செமீ நீளமா தான் இருக்கும்.

உன் ரெண்டாவது சார்ட்டை பாத்த உடனே எனக்கு சிரிப்பு வந்துருச்சு. 5க்கு 25.4 போட்டிருக்கான் பாரு, அது கரெக்டா 10 இன்ச். 8க்கு 27.9, அது 11 இன்ச். இது அச்சு அசலா லாஸ்ட் கணக்கு, எவனோ ஃபேக்டரி ஷீட்டை அப்படியே சைட்ல ஏத்திட்டான். முதல் சார்ட்ல அதே நம்பருக்கு ஒன்றரை செமீ கம்மியா இருக்கு, அது கால் நீளம். நீ உன் காலை அளந்து லாஸ்ட் சார்ட்ல தேடினா ரெண்டு நம்பர் சின்னதா தான் வரும். 5 வாங்கியிருந்தா விரலை மடக்கி தான் உள்ள விட முடியும்.

இனிமே எந்த சார்ட் பாத்தாலும் 8க்கு நேரா என்ன இருக்குன்னு மட்டும் முதல்ல பாரு. 26, 27 பக்கம் இருந்தா அது கால். 28 ஒட்டி இருந்தா அது லாஸ்ட், இல்லாட்டி ஷூவோட உள்நீளம்.

பூம்பாறைப்பூண்டு
ஐயோ இது தெரியாம தான் போன வருஷம் நான் மாட்டினேன். கொடைக்கானல்ல இருந்து அந்த பார்சலை திருப்பி அனுப்ப போஸ்ட் ஆபீஸ் போயி, தனியா பெட்டி கட்டி, அதுக்கு ஒரு செலவு. கடைசியில அந்த ஷூ பக்கத்து வீட்டு பையனுக்கு போச்சு.

எனக்கு ஒரு சந்தேகம் அக்கா அண்ணன்மாரே. என் பொண்ணு அஞ்சாம்ப்பு, ஸ்கூல் ஷூ சைஸ் போன வருஷம் 13. இப்ப காலு வளந்துருச்சு, சார்ட்ல பாத்தா சைஸ் 1 னு வருது. வளந்த காலுக்கு 1 எப்படி வரும்? 14 தானே வரணும்?

பழைய_ஆம்பூர்
14 கிடையாதும்மா. யூகே கணக்குல குழந்தைங்களுக்கு 13 வரைக்கும் போயி, அப்புறம் திரும்ப 1ல இருந்து ஆரம்பிக்கும், அதே வரிசை தான் பெரியவங்க வரைக்கும் ஓடும். 13க்கு அடுத்தது 1, தைரியமா வாங்குங்க. ஆனா ஆர்டர் போடும்போது குழந்தைங்க 1 ஆ பெரியவங்க 1 ஆன்னு குழம்பாதீங்க, சில சைட்ல கைக்குழந்தை ஷூவும் 1 னு தான் வரும். செமீ கட்டத்தை பாத்துக்கோங்க, உங்க பொண்ணுக்கு 20, 21 பக்கம் இருக்கணும்.

ரெண்டாம்கியர்
சரி சார், லாஸ்ட் எல்லாம் ஓகே. ஆனா 1.5 ஃபார்முலா நான் ஒரு இடத்துல படிச்சது, அது தப்புங்கறீங்களா?

பழைய_ஆம்பூர்
பாதி சரி. ஐரோப்பா நம்பர் ஒண்ணு ஒண்ணும் ஒரு செமீயில மூணுல ரெண்டு பங்கு, அதனால ஒன்றரையால பெருக்கறது சரி தான். ஆனா எதை பெருக்கறதுங்கறதுல தான் விட்டுட்டீங்க. அதுவும் லாஸ்ட் நீளம் தான். காலோட விரல் இடத்தை முதல்ல கூட்டிட்டு அப்புறம் பெருக்கணும்.

யூகேக்கு ஒரு நம்பர்னா இன்ச்ல மூணுல ஒரு பங்கு, ஏறக்குறைய எட்டரை மில்லி. பழைய காலத்துல ஒரு பார்லி மணியோட நீளம்னு வெச்சாங்க. பூஜ்ஜியம் 4 இன்ச்ல ஆரம்பிக்குது, அதுல 12 மணி. அதுக்கு மேல குழந்தைங்க சைஸ் 13 போச்சு. 12ம் 13ம் கூட்டினா 25. அதனால தான் பெரியவங்க கணக்குல மொத்த மணியில இருந்து 25ஐ கழிக்கறோம். பூம்பாறை அம்மா கேட்ட 13க்கும் இது தான் காரணம்.

```
UK = (foot_cm + 1.5) / 2.54 * 3 - 25
EU = (foot_cm + 1.5) * 1.5
```

foot_cm இடத்துல காலை செமீல போடுங்க. அந்த 1.5 விரல் இடம், அது கல்லுல செதுக்கினது இல்ல, கூர்முனை ஷூவா இருந்தா ரெண்டு கூட வரும்.

கைகாட்டி_கார்னர்
போட்டு பாத்தேன்ங்க, 25.3க்கு யூகே 6.65, ஈயூ 40.2 வருது. அப்ப 7 சரி தானே, ஆர்டர் போட்டுரவா?

பழைய_ஆம்பூர்
இரு தம்பி அவசரப்படாத. உட்காந்து அளந்தேன்னு சொன்ன. எந்த ஸ்கேல்?

கைகாட்டி_கார்னர்
பையனோட 30 செமீ பிளாஸ்டிக் ஸ்கேல். ஸ்கேலோட முனையை சுவத்துல முட்ட வெச்சு, குதிகாலையும் சுவத்துல ஒட்டி, கட்டைவிரல் வரைக்கும் பாத்தேன்.

பழைய_ஆம்பூர்
நினைச்சேன். அந்த ஸ்கேலை எடுத்து முனையை பாரு. பூஜ்ஜியம் கோடு முனையிலயே இருக்கா, இல்ல கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கா?

கைகாட்டி_கார்னர்
அட ஆமாங்க!! உள்ள தள்ளி தான் இருக்கு. எத்தனை மில்லின்னு தெரியல.

பழைய_ஆம்பூர்
ஏ4 பேப்பர் நீளம் 29.7. ஸ்கேல் முனையும் பேப்பர் முனையும் ஒண்ணா சேத்து வெச்சு அந்தப்பக்கம் என்ன காட்டுதுன்னு பாரு, எவ்வளவு குறையுதோ அது தான் உன் தப்பு.

கைகாட்டி_கார்னர்
29.2 காட்டுது.

பழைய_ஆம்பூர்
அஞ்சு மில்லி. அரை சைஸ்ங்கறதே நாலு மில்லி சொச்சம் தான், அதுக்கு மேலயே ஸ்கேல் முனை முழுங்கிருச்சு.

இப்ப அந்த ஏ4 பேப்பரையே வெச்சு அளந்துரு, ஸ்கேலை சுவத்துகிட்ட கொண்டு போகவே வேண்டாம். பேப்பரோட குட்டை பக்கத்தை சுவத்துல ஒட்டி கீழ டேப் போட்டு ஒட்டு. சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்த பிறகு, எந்த சாக்ஸ் போட போறியோ அதை போட்டுக்கிட்டு, நின்னுக்கிட்டு அந்த கால்ல பாரத்தை போடு, உட்காந்தா பாதம் பரவாது. குதிகால் சுவத்தை தொடணும். பென்சில் வேண்டாம், அது சாஞ்சா ரெண்டு மூணு மில்லி ஓடிரும். ஒரு தீப்பெட்டியை செங்குத்தா நிக்க வெச்சு விரல் நுனியை தொடற வரைக்கும் தள்ளி, அங்க ஒரு கோடு போடு. எந்த விரல் நீளமோ அந்த விரல், எல்லாருக்கும் கட்டைவிரல் நீளமா இருக்காது. அப்புறம் கோட்டுல இருந்து பேப்பரோட மறுமுனை வரைக்கும் மிச்சம் எவ்வளவுன்னு ஸ்கேலோட பூஜ்ஜியத்தை கோட்டுல வெச்சு அளந்து, 29.7ல இருந்து கழி. ரெண்டு காலும் பண்ணு. குனியறப்ப பாரம் மாறிரும், வீட்ல யாரையாவது கோடு போட சொல்லு.

உருளைகிழங்கு_மண்டி
எனக்கும் உதவுங்க. டெய்லர் டேப் வெச்சு அளந்தேன் 25 வருது, ஆனா என் பழைய ஷூ 9. எப்படி?

டீத்தூள்_ரெண்டாம்தரம்
எங்க வெச்சு அளந்தீங்க?

உருளைகிழங்கு_மண்டி
விரல் ஆரம்பிக்கற இடத்துல சுத்தி. அகலமான இடத்துல தான் அளக்கணும்னு எங்க அண்ணன் சொன்னார்.

டீத்தூள்_ரெண்டாம்தரம்
அது சுத்தளவு 😀 நாங்க பேசறது நீளம்.

பழைய_ஆம்பூர்
சிரிக்காதப்பா, அவர் அளந்ததும் ஒரு அளவு தான், ஆனா இந்த சார்ட்டுக்கு உதவாது. சுத்தளவுல இருந்து நம்பர் கண்டுபிடிக்க முடியாது. நீளம் ஒண்ணா இருந்தும் ஒருத்தருக்கு ஒல்லி பாதம், ஒருத்தருக்கு பரந்த பாதம். சின்ன வயசுல இருந்து வெறும்கால்ல நடந்தவங்களுக்கு முன்பாதம் விரிஞ்சு இருக்கறதை நான் நிறைய பாத்திருக்கேன். இந்த மாதிரி ஆளுங்க அகலத்துக்காக ஒரு நம்பர் கூட்டி எடுக்கறாங்க, அப்ப குதிகால் கழண்டு கழண்டு வரும். உங்க பழைய 9 அப்படி எடுத்ததா இருக்கலாம். நீளத்தை அளந்து சொல்லுங்க. அகலம் தான் பிரச்சனைன்னா நம்பரை ஏத்தாம வைட்னு போட்ட மாடலா தேடுங்க, சிலதுல 2E னு எழுதியிருக்கும்.

பூம்பாறைப்பூண்டு
நம்ம காலு அப்படின்னா நமக்குன்னு தனி சைஸ் வெக்க கூடாதா, வெள்ளைக்காரன் பார்லியை ஏன் எண்ணிக்கிட்டு இருக்கோம்?

பழைய_ஆம்பூர்
வெச்சிருக்காங்கம்மா. சென்னை அடையாறுல தோல் ஆராய்ச்சி நிலையம், சிஎல்ஆர்ஐ, அவங்க 2021 டிசம்பர்ல இருந்து 2022 மார்ச் வரைக்கும் நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்கு மேல காலை ஸ்கேன் பண்ணி ‘பா’ன்னு ஒரு சைஸ் முறை தயார் பண்ணாங்க. இந்திய பாதம் அகலம்னு அதுலயும் வந்துச்சு. ஆனா நீங்க ஆன்லைன்ல பாக்கறது இன்னும் யூகே நம்பர் தான், இந்தியா சைஸ்னு போட்டாலும் அதே நம்பர்.

கைகாட்டி_கார்னர்
நேத்து சாயங்காலம் அளந்தாச்சு. வீட்ல தான் கோடு போட்டாங்க, ஆடாம நில்லுங்கன்னு நாலு தடவை திட்டு. இடது கால் மிச்சம் 4.1, அப்ப 25.6. வலது கால் மிச்சம் 3.7, அப்ப 26.0. ரெண்டு காலும் ஒண்ணு இல்லங்கறதே இப்ப தான் தெரியுது. 26.0 வெச்சு கணக்கு போட்டா யூகே 7.48, ஈயூ 41.25. ஏழுமில்ல எட்டுமில்ல, நட்ட நடுவுல நிக்குது. அரை சைஸ் அந்த மாடல்ல கிடையாது, 7 அப்புறம் 8 தான்.

பழைய_ஆம்பூர்
பெரிய காலுக்கு தான் வாங்கணும். முதல் சார்ட்ல 7க்கு 25.5, உன் வலது கால் அதை தாண்டிருச்சு. 8க்கு 26.4, நாலு மில்லி தாராளம். நான் 8 ங்கறேன்.

ரெண்டாம்கியர்
இதுல நான் ஒத்துக்க மாட்டேன் சார். நான் ஊட்டி–மேட்டுப்பாளையம் வண்டி ஓட்டறவன், இறங்கி டயர் மாத்தறது, லோடு கட்டறது எல்லாம் ஷூவோட தான். லூஸ் ஷூ போட்டு ஒரு தடவை வழுக்கி விழுந்தேன். ஷூ போட போட விடும், 7 எடுத்தா ரெண்டு வாரத்துல சரியாயிரும்.

பழைய_ஆம்பூர்
தோல் ஷூ அகலத்துல விடும்ங்க, நீளத்துல விடாது. இவர் பாக்கறது தோலும் இல்ல, சிந்தெடிக். அது ரெண்டு பக்கமும் விடாது. இவர் தினமும் ஒன்றரை கிலோமீட்டர் இறக்கம் இறங்கறார்னு முதல் வரியிலயே எழுதியிருக்கார். இறக்கத்துல பாதம் ஷூவுக்குள்ள முன்னாடி சறுக்கும், ஒவ்வொரு அடிக்கும் விரல் முன்னாடி போயி இடிக்கும். பத்து நாள்ல கட்டைவிரல் நகம் கறுத்துரும், சமதரையில போட்டு பாக்கறப்ப அது தெரியவே தெரியாது.

டீத்தூள்_ரெண்டாம்தரம்
கறுத்த நகம் என்கிட்ட இருக்கு, போட்டோ போடவா

பூம்பாறைப்பூண்டு
வேண்டாம்ப்பா சாப்பிட்டுட்டு இருக்கேன்

மேல்_பவானி
குறுக்க வர்றேன், மன்னிக்கணும். கணக்கு எல்லாம் சரி, ஆனா நாக்குல இருக்கற டேக்கை யாரும் சொல்லவே இல்ல. ஷூ நாக்குக்கு உள்பக்கம் ஒரு சின்ன டேக் தெச்சிருக்கும், அதுல UK, US, EU வரிசையா இருக்கும், பக்கத்துல CM இல்லாட்டி JP னு ஒண்ணு இருக்கும். ஜப்பான்காரன் கால் நீளத்தையே சைஸா வெக்கறவன், அதனால அந்த கட்டத்துல இருக்கறது எந்த காலுக்கு செஞ்சதுங்கற செமீ. ப்ராடக்ட் போட்டோலயோ, வாங்கினவங்க ரிவ்யூல போடற போட்டோலயோ ஜூம் பண்ணி பாருங்க. நான் அதை வெச்சு தான் வாங்கறேன். ஒரு பிராண்ட்ல 8க்கு 26.5 இருக்கும், இன்னொண்ணுல 8க்கு 27 இருக்கும், நம்பரை நம்பறதை விட அது மேல்.

US கட்டத்துல கைய வெக்காதீங்க. ஆம்பளைங்க ஷூல அது யூகேயை விட அரை இல்ல ஒண்ணு கூட, பொம்பளைங்களுக்கு இன்னும் கூட. நான் ஒரு தடவை 9 ன்னு வாங்கி, வந்த பிறகு பாத்தா அது US 9.

கைகாட்டி_கார்னர்
இது நல்லாருக்கே. தேடி பாத்தேன், ரிவ்யூல ஒருத்தர் 8 வாங்கி டேக்கோட போட்டோ போட்டிருக்கார், மங்கலா இருக்கு ஆனா CM 26.5 னு படிக்க முடியுது. சார்ட்ல 26.4, கிட்டத்தட்ட ஒண்ணு தான். 8 போட்டுட்டேன். ரெண்டாம்கியர் அண்ணா கோவிச்சுக்காதீங்க.

ரெண்டாம்கியர்
கோவம் எல்லாம் இல்ல தம்பி, விழுந்தா எனக்கு போன் பண்ணு.

கைகாட்டி_கார்னர்
ஆறு நாள் கழிச்சு நேத்து வந்துச்சு, ஜங்ஷன் வரைக்கும் போயி வாங்கிட்டு வந்தேன். ரோட்டுல போடறதுக்கு முன்னாடி உள் அட்டையை உருவி வெளிய வெச்சு அது மேல நின்னு பாத்தேன், வலது கால்ல கட்டைவிரலுக்கு முன்னாடி ஒரு விரல் அகலத்துக்கு கொஞ்சம் கம்மியா இடம், இடது கால்ல அதை விட கூட. அப்புறம் வீட்டு பின்னாடி படிக்கட்டுல பத்து தடவை வேகமா இறங்கினேன், வலது விரல் இடிக்கல. இடது குதிகால் மட்டும் ஏறும்போது லேசா கழண்டு வருது.

பழைய_ஆம்பூர்
கால் சின்னதுல அது வரும். கயித்தை மேல கடைசி ஓட்டை வரைக்கும் கோத்து, கணுக்கால்கிட்ட இழுத்து கட்டு. பெரும்பாலானவங்க கடைசி ஓட்டையை சும்மா விட்டுருவாங்க. அதுக்கும் நிக்கலன்னா இடது பக்கம் மட்டும் மெல்லிசா ஒரு அட்டை கூட போட்டுக்க.

ரெண்டாம்கியர்
கழண்டு வருதுல்ல? 7 எடுத்திருந்தா வந்திருக்காது.

கைகாட்டி_கார்னர்
இடது காலுக்கு 7, வலது காலுக்கு 8 னு எவனாவது வித்தா வாங்கிக்கறேன் அண்ணா 😀 கடைசி ஓட்டை வரைக்கும் கட்டினேன், இன்னைக்கு காலையில இறங்கும்போது பரவால்ல, ஏத்தத்துல இன்னும் கொஞ்சம் இருக்கு. மழையில போட்டு பாத்துட்டு வர்றேன்.

உருளைகிழங்கு_மண்டி
நீளம் 26.3 வருதுங்க ரெண்டு காலும். பழைய ஷூ 9 நிஜமாவே பெருசு தான் போல. சரி, கம்பூட்ஸுக்கும் இதே கணக்கு தானா? அதுல 7, 8, 9 தவிர வேற எதுவுமே எழுதல, செமீயே இல்ல.